மூன்று ரியூப்பும் வல்லை வெளி வெயிலும்: எந்த சன்ஸ்கிறீன் மத்தியானம் வரை தாங்கும்?

என் மருமகள் ஓர் ஆசிரியை. கோப்பாயிலிருந்து நெல்லியடிக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறாள். விடிய ஆறே முக்காலுக்குப் புறப்பட்டால் நாற்பது நிமிட ஓட்டம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டதும் திரும்பவும் அதே நாற்பது நிமிடம். வழியில் வரும் வல்லை வெளி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நீளத்துக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது. தோல் மருத்துவர் தினமும் சன்ஸ்கிறீன் பூசச் சொன்னார். அவளும் பூசினாள். மங்கு குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ரியூப்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, மூண்டிலயும் ஐம்பது எண்டுதான் போட்டிருக்கு. பிறகு என்ன வித்தியாசம்?"

முதலாவது இங்கே யாழ்ப்பாணம் ரவுனில் வாங்கிய, மூன்றிலும் விலை குறைந்த ரியூப். இரண்டாவது அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா கொண்டுவந்தது. மூன்றாவதை பரிஸிலிருந்து மச்சாள் அனுப்பியிருந்தாள். நான் கொழும்பில் ஓர் ஒப்பனைப் பொருள் ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் இருந்தவன். அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் சிறிய எழுத்தைத்தான் வாசித்தேன்.

முதலாவதில் அவோபென்சோனும் எத்தில்ஹெக்சில் மெத்தொக்சிசின்னமேட்டும் இருந்தன. இரண்டாவதில் 3 வீதம் அவோபென்சோன், 10 வீதம் ஒக்டோக்ரைலீன், கூடவே ஹோமோசலேட்டும் ஒக்டிசலேட்டும். மூன்றாவதில் அவோபென்சோன் இல்லவே இல்லை. பெமோட்ரைசினோல், டைஎத்திலமினோ ஹைட்ரொக்சிபென்சொயில் ஹெக்சில் பென்சொயேட் என்ற நீண்ட பெயர், எத்தில்ஹெக்சில் ட்ரைஅசோன் ஆகிய மூன்றும் இருந்தன. நடுவில் உள்ள பெயரைத் தொழிலில் இருப்பவர்களே முழுதாகச் சொல்வதில்லை, டிஎச்எச்பி என்று சுருக்கிவிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஐம்பது என்ற எண் எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். எஸ்.பி.எஃப். என்பது தோல் சிவந்து எரிவதை வைத்து அளக்கும் அளவு. தோலை எரிப்பது பெரும்பாலும் யூவிபி, அதாவது ஏறத்தாழ 290 முதல் 320 நானோமீற்றர் வரையான கதிர். அதற்கு மேல் 400 வரை போவது யூவிஏ. இது அவ்வளவாக எரிக்காது, கருக்கும். மங்கைக் கிளறி விடுவதில் யூவிஏக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, எஸ்.பி.எஃப். 50 என்று எழுதியிருக்கும் ரியூப்பின் யூவிஏ காப்பு பாதி வழியில் கழன்று போனாலும் முகம் எரியாது. எரியாததால் போனது உங்களுக்குத் தெரியவே வராது. அதிலும் நம்முடைய மாநிறத் தோல் இலகுவில் சிவப்பதில்லை, அந்த எச்சரிக்கை மணி நமக்கு ஏற்கனவே பாதி ஊமை. என் மருமகளுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று ரியூப்பிலும் யூவிஏயைத் தடுக்கும் வேலை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், முதல் இரண்டிலும் அவோபென்சோன். 1970களில் வந்த மூலக்கூறு. 357 நானோமீற்றர் அளவில் அதன் உறிஞ்சல் உச்சத்துக்குப் போகும், யூவிஏயின் நடுவில் அடிக்கிற மாதிரி. வெள்ளையாகப் படியாது, விலையும் மலிவு. குறை ஒன்றுதான்: எந்த வெயிலைத் தடுக்கப் போடுகிறோமோ அந்த வெயிலிலேயே அது உடைகிறது.

ஏன் உடைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், தெரிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அவோபென்சோன் சாதாரணமாக ஒரு வளைந்த வடிவத்தில் இருக்கும். இரண்டு ஒட்சிசன்களுக்கு நடுவே ஓர் ஐதரசன் பாலம் போட்டு அந்த வளைவைப் பிடித்து வைத்திருக்கும். ஈனோல் வடிவம் என்பார்கள். 357இல் உறிஞ்சுவது இந்த வடிவம்தான். ஒளிச்சக்தியை வாங்கிய மூலக்கூறு அதை வெப்பமாக உதறிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலான தடவை அப்படித்தான் வரும். சில தடவை பாலம் அறுந்து மூலக்கூறு விரிந்து கீட்டோ வடிவத்துக்குப் போய்விடும். கீட்டோ வடிவம் உறிஞ்சுவது 260, 270 என்ற பக்கத்தில். அந்தக் கதிர் பூமிக்கு வருவதே இல்லை. ஆகவே அந்த மூலக்கூறு அப்போதைக்கு வேலைக்கு ஆகாது. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம், இருட்டில் விட்டால் ஒரு பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் கீட்டோ வடிவம் சக்தியோடு மும்மை நிலை என்ற நீண்டநேரக் கிளர்ச்சியில் மாட்டிக்கொண்டால் நடுவே முறிந்து இரண்டு துண்டாகிவிடும். துண்டான பிறகு திரும்பி வருவதில்லை.

இப்போது துணைக்கு யார் என்பது முக்கியமாகிறது. முதல் ரியூப்பில் துணை எத்தில்ஹெக்சில் மெத்தொக்சிசின்னமேட். யூவிபிக்கு நல்ல, மலிவான வடிகட்டி, 310 அளவில் உறிஞ்சும். தனியாக இருந்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. அவோபென்சோனோடு ஒரே பூச்சில் வெயில் படும்போதுதான் சிக்கல். இரண்டின் இரட்டைப் பிணைப்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து நான்கு கரி வளையமாகப் பூட்டிக்கொள்கின்றன. புதிதாக உண்டாகிற பொருள் யூவிஏயையும் தடுக்காது, யூவிபியையும் தடுக்காது. காவலுக்கு விட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விழுந்த கதை. இந்தச் சேர்க்கை சரியில்லை என்பது தொழிலில் பல வருடமாகத் தெரிந்த சங்கதி. இருந்தும் மலிவு ரியூப்களில் இன்னும் தென்படுகிறது, ஏனென்றால் இரண்டு பொருளும் மலிவு, புதிதாகப் பூசியவுடன் அளந்தால் எண்ணும் அழகாக வரும்.

இரண்டாவது ரியூப்பில் துணை ஒக்டோக்ரைலீன். இதுவும் யூவிபி வடிகட்டிதான், 303 பக்கம் உறிஞ்சும், அந்த வேலையில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. இதை வைத்திருப்பது வேறு காரணத்துக்கு. மும்மை நிலையில் மாட்டிய அவோபென்சோனின் சக்தியை ஒக்டோக்ரைலீன் தன் பக்கம் வாங்கி, வெப்பமாக உதறிவிட்டு, தான் முறியாமல் திரும்பிவிடும். அவோபென்சோனும் முறிவதற்கு முன் தப்பிவிடும். ஆனால் இந்தக் கைமாற்று நடக்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பூச்சில் ஒக்டோக்ரைலீன் சொட்டு அளவுக்கு இருந்தால் பயனில்லை. அவோபென்சோனின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் எனக்கு மனம் சமாதானமாகும். அமெரிக்க ரியூப்பில் வீதம் எழுதியே ஆக வேண்டும் என்பதால் 3க்கு 10 என்று பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. ஐரோப்பிய ரியூப்பில் வீதம் இருக்காது, பெயர்களின் வரிசையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதிகம் உள்ளது முன்னால் வரும்.

மூன்றாவது ரியூப்பின் சங்கதி வேறு. பெமோட்ரைசினோலும் டிஎச்எச்பியும் துணை தேவைப்படாதவை. இரண்டிலும் ஐதரசன் பாலம் இருக்கிறது, அவோபென்சோனில் இருப்பது போலவே. ஒளி பட்டதும் அந்த ஐதரசன் பாலத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும், சக்தி வெப்பமாக இறங்கும், ஐதரசன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் கோடித் தடவை நடந்து முடிகிற வேகம் அது. முறிகிற நிலைக்குப் போக மூலக்கூறுக்கு அவகாசமே இல்லை. அவோபென்சோனில் பாலம் அறுந்து விரிகிறது, இவற்றில் அதே பாலம்தான் தப்பிக்கும் வழி. டிஎச்எச்பியின் உச்சம் 354, ஏறத்தாழ அவோபென்சோன் நிற்கும் இடமே. பெமோட்ரைசினோலுக்கு 310இலும் 343இலுமாக இரண்டு உச்சம், ஆகவே யூவிபி, யூவிஏ இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் பெமோட்ரைசினோல் 2000ஆம் ஆண்டிலிருந்தே பாவனையில் இருக்கிறது. சித்தப்பா கொண்டுவந்த ரியூப்பில் இவை இல்லாததற்குக் காரணம் கம்பனியின் கஞ்சத்தனம் அல்ல. அமெரிக்காவில் சன்ஸ்கிறீன் மருந்துச் சட்டத்துக்குள் வருகிறது, புதிய வடிகட்டி உள்ளே நுழைவது அங்கே மிக மெதுவாகத்தான் நடக்கும்.

முதல் ரியூப்புக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே பட்டியலில் பெமோட்ரைசினோலும் இருந்திருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கும், அது அவோபென்சோனையும் சின்னமேட்டையும் ஓரளவு காப்பாற்றும். அவோபென்சோன் என்ற பெயரைக் கண்டதும் ரியூப்பைத் தூர வைக்கத் தேவையில்லை. யாரோடு இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சரி, உடைந்தால் எவ்வளவு நட்டம்? பாதி வடிகட்டி உடைந்தால் பாதிக் காப்பு போகும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் கணக்கு அதைவிட மோசம். பூசிய புதிதில் உங்கள் பூச்சு 360 நானோமீற்றர் கதிரில் 10 வீதத்தை மட்டும் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூச்சு எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் உறிஞ்சளவு, அதாவது A, அப்போது 1. அவோபென்சோனில் பாதி உடைந்தால் உறிஞ்சளவு 0.5 ஆகும். உள்ளே போகும் பங்கு T என்றால், அதைக் கணக்கிடும் சூத்திரம் இது:

T = 10^(−A)

A 1 ஆக இருக்கும்போது 10 வீதம், 0.5 ஆனால் 32 வீதம். பாதி உடைய, உள்ளே போகும் கதிர் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. முக்கால்வாசி உடைந்து A 0.25 ஆனால் 56 வீதம் உள்ளே போகும். தோலில் பூச்சு மேடும் பள்ளமுமாகத்தான் படியும், ஆகவே அசல் எண்கள் இத்தனை சுத்தமாக வராது. போகும் திசை இதுதான்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. A என்பது வடிகட்டியின் அளவையும் பூச்சின் தடிப்பையும் சேர்த்தே சொல்கிறது. பாதி மூலக்கூறு உடைந்தாலும், பூசும்போதே பாதி கிறீம் போட்டாலும், தோலுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மருமகளிடம் கேட்டேன், இந்த ரவுன் ரியூப் எவ்வளவு காலம் வரும் என்று.

"நாலு மாசம் வரும் மாமா. நான் வீணாக்கிறேல்ல."

பெருமையாகத்தான் சொன்னாள். ஆய்வுகூடத்தில் எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் போடுவார்கள். முகமும் கழுத்தும் சுமார் 600 சதுர சென்ரிமீற்றர் என்றால் ஒரு தடவைக்கு 1.2 கிராம். 50 கிராம் ரியூப் நாற்பது தடவைக்கு மேல் வரக்கூடாது. நான்கு மாதம், தினமும் ஒரு தடவை என்றால் அவள் போட்டது 0.4 கிராம், மூன்றில் ஒரு பங்கு. பூசிய நிமிடத்திலேயே, ஒரு மூலக்கூறும் உடைவதற்கு முன்பே, A 0.33 ஆகி 46 வீதம் உள்ளே போயிருக்கிறது. அதற்கு மேல் வெயில் தன் பங்கை எடுத்தது.

இனி அவளுடைய ஒரு நாளை எடுப்போம். ஆறு மணிக்குப் பூசுகிறாள். ஆறே முக்கால் முதல் ஏழரை வரை ஓட்டம். அந்த நேர வெயில் இதமாக இருக்கும், யூவிபி மிகக் குறைவு. யூவிஏ அப்படியில்லை. சூரியன் சரிந்திருக்கும்போது யூவிஏ யூவிபி அளவுக்குக் குறைவதில்லை, காலையில் யூவிபியோடு ஒப்பிட்டால் அதன் பங்கு கூடத்தான். அவோபென்சோன் உறிஞ்சுவது யூவிஏ என்பதால் இதமான காலையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. பிறகு வகுப்பறை. சூரியன் படாத இடத்தில் மூலக்கூறு உடைவதற்கு வேலை இல்லை. ஒளியில் உடைவது மணிக்கூட்டைப் பார்த்து நடப்பதில்லை, வாங்கிய ஒளியின் அளவைப் பார்த்து நடக்கிறது. இடைவேளையில் மைதானக் கடமை என்றால் அதில் இன்னொரு பங்கு. கடைசியாக ஒன்றரை மணி. யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டே காலுக்குக் கிட்ட, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே அது இன்னும் தலைக்கு மேல்தான். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டியும் உச்சியில் நம் நிழல் காலடியிலேயே விழும். நாளில் மிகக் கடுமையான இந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் முதல் ரியூப் ஏற்கனவே பாதி செலவான காப்போடு வருகிறது.

இரண்டாவது ரியூப் இதே நாளில் கணிசமாக நன்றாகத் தாங்கும். அவோபென்சோனில் சிறு பங்குதான் குறையும். மூன்றாவதில் ஒளியால் குறைவது அநேகமாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. ஆனால் ஒளியில் நிலையாக இருப்பது வேறு, முகத்தில் நிலையாக இருப்பது வேறு. ஹெல்மெட் பஞ்சு உரசும், சேலைத் தலைப்பால் முகம் துடைப்போம், வேர்வை வழியும். பெமோட்ரைசினோல் உடையாது, துடைத்தால் போய்விடும். ஆகவே மூன்றாவது ரியூப்பை வைத்திருந்தாலும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்றேகாலுக்கு இன்னொரு தடவை பூச வேண்டும். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பொலிகார்பனேட் முகக்கண்ணாடி புற ஊதாவின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும், கிறீம் போல அதைத் திரும்பத் திரும்பப் பூசும் வேலையும் இல்லை. என் மருமகளின் ஹெல்மெட்டில் கண்ணாடி இருந்தது, கீறல் விழுந்ததால் மேலே தள்ளி வைத்தே ஓட்டுவாள். முதல் வேலையாக அதை மாற்றச் சொன்னேன்.

இரண்டாவது ரியூப்புக்கு வேறு சில குணங்கள் உண்டு, வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டியவை. ஒக்டோக்ரைலீன் பத்து வீதம் என்றால் பிசுபிசுப்பு நிச்சயம், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சின்ன விடயமல்ல. பிசுபிசுப்பதால்தான் பலர் குறைவாகப் பூசுகிறார்கள். ரியூப் பழசாகும்போது ஒக்டோக்ரைலீனில் ஒரு பகுதி பென்சோபீனோனாக மாறுகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. பென்சோபீனோனைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இதற்காகப் பயந்து ரியூப்பை எறியத் தேவையில்லை. ஆனால் ஸ்கூட்டி சீற்றுக்கு அடியில் வேகவிட்டு, போன வருடத்து ரியூப்பை இந்த வருடமும் பூசுவது புத்தியல்ல. அப்புறம், மூட்டு நோவுக்குக் கீட்டோப்ரோஃபென் ஜெல் பூசுகிறவர்களுக்கு ஒக்டோக்ரைலீன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த மருந்தால் வெயில் ஒவ்வாமை வந்தவர்களுக்குத் தோல் இதற்கும் சேர்த்துப் பொங்கும்.

பிறகு கறை. அவோபென்சோன் இரும்போடு சேர்ந்தால் செம்மஞ்சள் நிறச் சேர்மமாகும். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தாலோ, தாங்கியின் குழாய் துருப்பிடித்திருந்தாலோ, கழுத்தில் பட்ட கிறீம் வெள்ளைச் சட்டைக் கொலரில் துருக்கறையாகத் துவைத்த பிறகுதான் தெரியவரும். துவைக்கும்போது குளோரின் போட்டால் கறை கூடும். தேசிக்காய்ப் புளி பூசி ஊறவிட்டுத் துவைத்தால் போகும், சிற்றிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்காகவே மூன்றாவது ரியூப்பை நான் விரும்புவேன்.

இரண்டாவது ரியூப்பைப் பூசிவிட்டு மேலே மேக்கப் போடுபவர்கள் அந்தப் பூச்சின் பட்டியலையும் வாசியுங்கள். ஃபவுண்டேசன், பிபி கிறீம் பலவற்றில் எத்தில்ஹெக்சில் மெத்தொக்சிசின்னமேட் இருக்கும். கீழே கவனமாகத் தெரிந்தெடுத்த அவோபென்சோனுக்கு மேலே அதன் பழைய எதிரியைக் கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகிவிடும். பூச்சிடாத சிங்க் ஒக்சைட்டும் அவோபென்சோனோடு சேராது. சிங்க் ஒக்சைட் மட்டுமே உள்ள கிறீம்கள் ஒளியில் உடைவதில்லை, அது சரிதான். நம் நிறத்தில் அது சாம்பல் பூசியது போல் தெரிவதால் யாரும் 1.2 கிராம் போடப் போவதில்லை, ஆகவே அதைப் பற்றி மேலே பேசவில்லை.

மூன்றாவது ரியூப்பும் எல்லாவற்றையும் செய்துவிடாது. 380க்கு மேல் அதன் பிடி தளரும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலம், கருமையைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறமுள்ள கிறீம். அந்த வகையில் பெமோட்ரைசினோலோ டிஎச்எச்பியோ அடிப்படையாக இருந்தால் மங்குக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

பெயர்களைப் படித்துப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ரியூப்பில் ஒரு குறி உண்டு. ஐரோப்பிய ரியூப்பில் வட்டத்துக்குள் யூவிஏ என்று எழுதியிருந்தால், யூவிஏ காப்பு எஸ்.பி.எஃப்.இன் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். ஐம்பதுக்குக் குறைந்தது ஏறத்தாழ 17. அதற்கான ஆய்வுகூட முறையில், பூச்சுத் தட்டுக்கு முதலில் ஓரளவு புற ஊதாக் கதிரைக் காட்டிவிட்டுத்தான் அளப்பார்கள். வெயிலில் உடைந்து விழுகிற கலவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். அமெரிக்க ரியூப்பில் வரும் "பரந்த அலைவரிசை" என்ற சொல்லுக்கான சோதனையிலும் அப்படி முன்கூட்டிக் கதிர் காட்டுகிறார்கள். ஆனால் அது உறிஞ்சல் 370 நானோமீற்றர் வரை பரவியிருக்கிறதா என்ற வடிவச் சோதனைதான், அங்கே எவ்வளவு பலம் என்று சொல்லாது. முதல் ரியூப்பில் இந்த இரண்டும் இல்லை, எஸ்.பி.எஃப். எண் மட்டும் பெரிதாக இருந்தது.

அப்படியானால் எதை எடுப்பது? ஒளி நிலைப்பை மட்டும் பார்த்தால் மூன்றாவது. ஆனால் மருமகளின் கையைத் தெரிந்தபடியால் நான் ஒன்று யோசித்தேன். பரிஸ் ரியூப் அருமையானது என்று சொல்லி 0.4 கிராம் வீதம் நான்கு மாதம் ஓட்டினால், அது உடையாத 46 வீத ஓட்டையாகத்தான் இருக்கும். அதைவிட அமெரிக்க ரியூப்பை 1.2 கிராம் தடிப்பாகப் பூசினால் மூன்று மடங்கு உறிஞ்சளவு கிடைக்கும், அதில் கால்வாசி உடைந்தாலும் உள்ளே போவது 18 வீதம்தான். மூன்றாவது ரியூப்பை மனம் கோணாமல் தாராளமாகப் போட முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால் இரண்டாவது. முதலாவதை எந்தத் தடிப்பிலும் முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைசியில் இரண்டையும் பங்கு போட்டோம். விடிய ஆறு மணிக்குச் சித்தப்பாவின் ரியூப். ஒன்றேகாலுக்கு முகத்தை ஈரத் துணியால் ஒற்றிவிட்டு மச்சாளின் ரியூப். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பட்டாலும் தொல்லையில்லை, மேலே வருகிற பெமோட்ரைசினோல் கீழே மிச்சமிருக்கும் அவோபென்சோனுக்கும் துணைதான். அளவுக்கு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் 1.2 கிராமுக்குக் கிட்ட வரும். பாடசாலை நாள் ஒன்றுக்கு ஒவ்வொரு ரியூப்பிலும் ஒரு தடவை, வாரத்துக்கு ஐந்து. 50 கிராம் எட்டு வாரத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டு ரியூப்பின் அடியிலும் திறந்த திகதியை மார்க்கரால் எழுதி, பக்கத்தில் எட்டு வாரம் கழித்து வரும் திகதியையும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் திகதிக்கு ரியூப்பில் மிச்சம் இருந்தால் என்னிடம் வந்து காட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். "மச்சாளிட்ட இன்னும் மூண்டு கேக்கோணும் போல" என்றாள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மச்சாள் வருகிறாள். ஏழு என்று எழுதி அனுப்பச் சொன்னேன்.